மூலைப்புள்ளியை ‘உச்சப்புள்ளி’ ஆக்காதீர்கள்

‘அதிகபட்சப் பங்களிப்பு தரும் உச்சப்புள்ளியைக் கண்டுபிடி.’ ஒரு மேலாண்மைக் கணக்கியல் பாடக்குறிப்பில் இந்த வரியை மறுபடியும் பார்த்தேன். உற்பத்தி வரம்புகளைக் கோடுகளாக வரைந்தால் அவை அடைக்கும் இடத்தின் மூலைதான் கார்னர் பாயிண்ட், அதற்குத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். இதோடு எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சொல் வந்த வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கார்னர் என்பது கொம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே புள்ளிக்குக் கணிதக்காரர்கள் சொல்லும் இன்னொரு பெயர் வெர்டெக்ஸ். லத்தீனில் அது உச்சந்தலையையும் குறிக்கும். நம் வடிவியலில் அதை உச்சி என்றார்கள், முக்கோணத்துக்கு அது சரிதான். அந்த உச்சி கைமாறிக் கைமாறி எப்போதோ ‘உச்சம்’ ஆகிவிட்டது, வினை அங்கேதான் தொடங்கியது. ‘அதிகபட்சம் எங்கே?’ என்று கேட்கும் ஒரு கணக்கில், மாணவன் தேடிப் பார்க்க வேண்டிய எல்லாப் புள்ளிகளுக்கும் ‘உச்சப்புள்ளி’ என்று பெயர் வைத்தால் அவன் என்ன செய்வான்? வரைபடத்தில் எது உயரத்தில் இருக்கிறதோ அதில் போய்க் கை வைப்பான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அ, ஆ என்று இரண்டு பொருள்கள். விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் அ-வின் ஓர் அலகுக்குப் பங்களிப்பு 30, ஆ-வுக்கு 40. (இதை ‘லாபம்’ என்று எழுதுவோர் தனி ரகம். நிலைச் செலவு இன்னும் கழியவே இல்லை, அப்புறம் எப்படி அது லாபம்?) இயந்திரம் 80 மணி நேரம்தான் ஓடும், அ-வுக்கு 2 மணி, ஆ-வுக்கு 4 மணி பிடிக்கும். மூலப்பொருள் 60 கிலோதான் இருக்கிறது; அ-வுக்கு 3 கிலோ, ஆ-வுக்கு 2 கிலோ வேண்டும்.

```
2x + 4y ≤ 80
3x + 2y ≤ 60
x ≥ 0, y ≥ 0
```

இதில் x என்பது அ-வின் எண்ணிக்கை, y என்பது ஆ-வின் எண்ணிக்கை. பற்றாக்குறை ஒன்றே ஒன்றாக இருந்தால் வரைபடமே தேவையில்லை, அந்த வளத்தின் ஓர் அலகுக்கு எது அதிகம் தருகிறது என்று பார்த்தால் போதும். இங்கே இயந்திர மணிக்கு அ 15 தருகிறது, ஆ 10. மூலப்பொருள் கிலோவுக்கு அ 10, ஆ 20. ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால்தான் கோடு போடுகிறோம். இரண்டு கோடுகளும் இரண்டு அச்சுகளும் நான்கு சுவர்கள் மாதிரி நின்று ஓர் இடத்தை அடைக்கின்றன, அதற்குள் இருப்பதெல்லாம் நம்மால் செய்ய முடிந்தது. அந்தச் சுவர்கள் கூடும் மூலைப்புள்ளிகள் (0,0), (0,20), (10,15), (20,0).

இப்போது ‘உச்சப்புள்ளி’ படித்த மாணவனுக்கு வருவோம். அவன் கண்ணுக்கு வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே தெரிவது மூலப்பொருள் கோடு செங்குத்து அச்சைத் தொடும் (0,30). பங்களிப்பு 1200 என்று சந்தோஷமாக எழுதுவான். ஆனால் 30 ஆ செய்ய 120 இயந்திர மணி வேண்டும், இருப்பதோ 80. அந்தப் புள்ளி சுவருக்கு வெளியே கிடக்கிறது. இன்னொருவன் கொஞ்சம் கவனமாக உள்ளே இருப்பதில் உயர்ந்ததான (0,20)-ஐ எடுத்தால் 800. உண்மையான விடை கொஞ்சம் கீழே, கோடுகள் வெட்டிக்கொள்ளும் (10,15)-இல் இருக்கிறது: 300, 600, ஆக 900.

அளவுகோலை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். 30x + 40y = 600 என்ற கோட்டை வரைந்து, சாய்வு மாறாமல் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். அடைத்த இடத்தை விட்டு விலகுமுன் அது கடைசியாகத் தொடுவது அந்த மூலையைத்தான். அது உயரத்தைப் பொறுத்ததல்ல, சாய்வைப் பொறுத்தது. அ-வின் பங்களிப்பு 70 ஆகிவிட்டால் (10,15) தருவது 1300, (20,0) தருவது 1400. அதாவது தரையோடு ஒட்டிக் கிடக்கும் புள்ளி ஜெயிக்கிறது! அதற்குப் போய் ‘உச்சம்’ என்று பெயரா?

‘வெட்டுப்புள்ளி’ என்று சிலர் எழுதுகிறார்கள். (0,30) கூட வெட்டுப்புள்ளிதானே, அதனால் அதுவும் உதவாது. ‘முனை’ பரவாயில்லை, யாராவது எழுதினால் சண்டை போடமாட்டேன். ஆனால் முனை என்றால் ஊசி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நினைவுக்கு வருகிறது. மூலை என்றால் நாம் அறைக்குள் நிற்கிறோம், இரண்டு சுவர் கூடுகிறது, அதற்கு மேல் போக வழியில்லை. (10,15)-இல் நடப்பதும் அதுதான்: இயந்திர மணியும் தீர்ந்தது, மூலப்பொருளும் தீர்ந்தது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல்லாக இருப்பதுதான் மூலையின் குற்றம் போலிருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொஞ்சம் கம்பீரமாக ஒலித்தால்தான் கலைச்சொல்.

சரி, அ-வின் பங்களிப்பு மிகச் சரியாக 60 என்று வையுங்கள். (10,15)-உம் 1200, (20,0)-உம் 1200, இரண்டையும் இணைக்கும் விளிம்பு முழுக்கவே 1200. இதில் எது உச்சப்புள்ளி என்று அந்தக் குறிப்பை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.