கிரைண்டர் வந்தது 2 நிமிடம் 10 விநாடியில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சமையல் சாமான் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து வந்த 2 லிட்டர் மேசை கிரைண்டரைப் பிரித்துக் காட்டும் வீடியோவை என்னிடம் எடிட் செய்யக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தேன். வணக்கம், தீபாவளிக் கழிவு, கப்பல் தாமதமான கதை, பெட்டியின் நாலு பக்கமும் எழுதியிருப்பது என்று போய், கிரைண்டர் முகம் காட்டியபோது 2 நிமிடம் 10 விநாடி.

“சாமானை முதல்லயே காட்டிட்டா அப்புறம் யாரு தம்பி பார்ப்பாங்க?” என்றார். பயம் நியாயம்தான். ஆனால் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் கிரைண்டர் ஏற்கெனவே நிற்கிறதே! வந்தவருக்குத் தெரியாதது, அது எப்படி அரைக்கும் என்பது மட்டுமே. பிடித்து வைக்க வேண்டியது அந்தப் பதிலை.

“கடைக்கு வர்றவங்க இதப் பத்தி என்ன கேக்கறாங்க?” என்றேன். “நம்ம பிளக்குக்குச் சேருமா, உளுந்து பொங்குமா, இந்த ரெண்டுதான்.” அந்த இரண்டையும் வைத்தே வீடியோவை மாற்றி அடுக்கினோம்.

முதல் 4 விநாடி: சுற்றும் கல்லின் மேல் ஊறிய உளுந்து விழுகிறது. குரல்: “ஒரு டம்ளர் உளுந்து. மிக்சியில மாவு சூடாயிடும். இதுல பொங்குமா?” உடனே டேப்பைக் கிழிக்கும் கத்தி. 15-வது விநாடிக்குள் கிரைண்டர் மேசையில். அடுத்து வயரைப் பிரித்தால் முனையில் இந்திய உருண்டைப் பின்கள். இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக்தான் சேராது. இது நடுவில் வரும் சின்ன வெளிப்பாடு.

கப்பல் கதையை நான் வெட்டவில்லை. கல் சுற்றும் காட்சியின் மேல் 20 விநாடியாகச் சுருக்கி வைத்தேன். மாவு அரையும்வரை பார்ப்பவர் எப்படியும் காத்திருப்பார், அங்கே கதை உறுத்தாது. கடைசியில் ஒரு சொட்டு மாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். மிதந்தது. பதில் அதுதான். அந்தச் சொட்டைத் தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

படம் பிடிக்கும்போது ஒன்று கவனியுங்கள். டேப்பை ஒரு தடவைதான் கிழிக்க முடியும், அதனால் இரண்டு கைபேசியில் எடுங்கள். தொடக்க வரியைக் கடைசியில் பதிவு செய்யுங்கள். சோதனை முடிந்த பிறகுதான் எந்தக் கேள்விக்குக் கையில் பதில் இருக்கிறது என்று தெரியும். பொங்கவே இல்லை என்றால் கேள்வியை மாற்ற வேண்டியிருக்கும்.

வெளியிட்ட பிறகு யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எதுவரை தங்கினார்கள் என்று காட்டும் வரைகோட்டைப் பாருங்கள். முதல் சில விநாடியிலேயே செங்குத்தாக விழுந்தால், பெரும்பாலும் தலைப்பு சொன்னதும் வீடியோ காட்டியதும் வேறு வேறு. சாமான் வரும்வரை சரிந்துகொண்டே போய், வந்த இடத்தில் மேடு தட்டினால், ஆட்கள் உங்கள் பேச்சைத் தள்ளிவிட்டு அங்கே குதித்திருக்கிறார்கள். அக்காவின் பழைய வீடியோக்களில் அந்த மேடு இருந்தது.

“வணக்கம்கூடச் சொல்லக் கூடாதா?” என்று அவருக்கு இன்னமும் மனத்தாங்கல். சொல்லலாம் அக்கா, கத்தி டேப்பில் ஓடும்போது.