பெர்ஃபெக்‌ஷனிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னையில் வேலைக்கான நேர்காணல்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "உங்கள் பலவீனம் எது?" பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் அதற்கு ஆயத்தமாக ஒரு பதிலும் இருக்கிறது. "நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்." பலவீனம் என்று சொல்லிக்கொண்டே பெருமை அடித்துக்கொள்ள இதைவிட வசதியான சொல் கிடையாது. கேட்பவரும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்கிறார்.

அதே சொல்லை உளவியலாளர்கள் வேறு முகத்தோடு பயன்படுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மெய்ப்புத் திருத்துநரின் கதையைப் பார்த்தால் அந்த முகம் தெரியும். அவர் கதைக்குப் போகும்முன் சொல்லின் கதை.

லத்தீனில் 'பெர்' என்றால் முழுக்க, கடைசிவரை. 'ஃபாசெரே' என்றால் செய். இரண்டும் சேர்ந்த 'பெர்ஃபிசெரே' என்பதற்குச் செய்துமுடி என்று பொருள். அதிலிருந்து வந்த 'பெர்ஃபெக்டுஸ்' என்பது செய்துமுடிக்கப்பட்டது, அவ்வளவுதான். குறையில்லாதது என்ற பொருள் பிறகு வந்து ஏறிக்கொண்டது. ஆங்கில இலக்கணத்தில் முடிந்த வினையைக் காட்டும் காலத்துக்கு 'பெர்ஃபெக்ட்' என்ற பெயர் இருப்பது பழைய பொருளின் எச்சம். நம் இலக்கணத்திலும் இதற்கு நெருங்கிய உறவாக ஒரு சொல் உண்டு: முற்று. வினைமுற்று என்கிறோமே, அந்த முற்று. ஆனால் நம் சொல்லுக்கு இன்னொரு கூர்மையும் இருக்கிறது. கோயம்பேட்டில் வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்ப்பது எதற்கு? முற்றியிருந்தால் குழம்புக்கு ஆகாது. நோயும் முற்றும். முற்றுவது எப்போதும் நல்லதில்லை என்பது தமிழுக்குத் தெரியும். லத்தீனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

'இசம்' ஒட்டிய வடிவம் முதலில் சமயத்துறையில் புழங்கியது. இந்தப் பிறவியிலேயே பாவமற்ற நிலையை மனிதன் எட்ட முடியும் என்று நம்பிய கிறிஸ்தவப் பிரிவினருக்கு அது அடையாளம். உளவியல் அதை எடுத்துக்கொண்டது பின்னால்தான். 1978ஆம் ஆண்டில் டான் ஹமாசெக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை இரண்டாகப் பிரித்தார்: உயர்ந்த தரத்தை நாடி உழைத்து, அதில் மகிழ்ச்சியும் காண்கிற இயல்பான வகை; எவ்வளவு செய்தாலும் போதாது என்று வதைபடுகிற வகை. 1990இல் ராண்டி ஃப்ராஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 35 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் ஒன்பது கூற்றுகள் பிழையைப் பற்றிய கவலையை மட்டுமே அளக்கின்றன. வேலையில் தோற்றால் நான் மனிதனாகவே தோற்றவன் என்ற பொருளில் ஒரு கூற்று அதில் உண்டு. இந்தக் கட்டுரைக்கு அந்த ஒரு கூற்றே போதும்.

ஏனென்றால் தரம் எவ்வளவு உயரம் என்பது இங்கே பிரச்சினையே இல்லை. ஒரு பிழை நடந்த இடத்திலிருந்து 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற முடிவுக்கு மனம் ஒரே தாவலில் போகிறதே, அந்தத் தாவல்தான் நோய். லாயக்கு என்பது அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். தகுதி என்று பொருள். 'தகுதி' இருக்கும்போது இந்த ஊர்க்காரர்கள் தம்மைத் திட்டிக்கொள்ள லாயக்கைத்தான் எடுக்கிறார்கள். தகுதி படிவத்தில் நிரப்புகிற சொல், லாயக்கு முகத்தில் அறைகிற சொல்.

மெய்ப்புத் திருத்துநர் கதைக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெண்மணி. பதினைந்து ஆண்டு அனுபவம். நாங்கள் அக்கா என்றுதான் அழைப்போம். ஜனவரிப் புத்தகக் காட்சியை ஒட்டி அவரிடம் வந்த ஒரு நாவல் 320 பக்கம். ஒரு ஃபாரம் 16 பக்கம் என்ற கணக்கில் 20 ஃபாரம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து அனுப்பினார். புத்தகம் அச்சாகிக் கையில் வந்த அன்று நடுவில் எங்கோ பிரித்தார். 'பொறுப்பான தாய்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'பொருப்பான தாய்' என்று இருந்தது. பொருப்பு என்றால் மலை. மலையான தாய்.

நூலாசிரியர் அதைக் கவனிக்கவில்லை. வாசகர் யாரும் எழுதவும் இல்லை. அக்கா பதிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த பதிப்பில் நன்றிப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். மூன்று வாரம் புது வேலை எதையும் ஏற்கவில்லை. பிறகு ஏற்ற வேலைகளை ஐந்து முறை படித்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஐந்து வாசிப்பு என்பது பாதிக்கும் குறைவான வருமானம். வேலை தாமதமாயிற்று, புத்தகக் காட்சிக்கு நாள் நெருங்க நெருங்கப் பதிப்பாளர்கள் வேறு ஆட்களைத் தேடிப் போனார்கள். அவர்கள் போனதை அக்கா எப்படிப் புரிந்துகொண்டார்? தன் லாயக்கின்மைக்கு இன்னொரு சாட்சியாக.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் ஷஃப்ரான், சஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் மூவரும் 2002இல் எழுதிய விளக்கம் இதற்கு அப்படியே பொருந்தும். தன்னைப் பற்றிய மதிப்பு முழுவதும் தானே விதித்துக்கொண்ட கடினமான தரத்தை எட்டுவதில் தொங்குகிறது. அதனால் கேடு வருவது தெரிந்தும் விட முடியவில்லை. எட்டாவிட்டால் தன்னையே குற்றம் சாட்டுதல். எட்டிவிட்டாலோ, 'தரம் போதாது, அதனால்தான் எட்ட முடிந்தது' என்று கம்பத்தை இன்னும் மேலே நகர்த்துதல். இரண்டு பக்கமும் தோல்வி என்பதால் இதில் வெற்றியே இருக்க முடியாது.

கம்பம் நகர்வதை நான் கண்ணால் பார்த்தேன். அக்கா ஒரு மனநல ஆலோசகரிடம் போகத் தொடங்கியிருந்தார். அவர் சொன்ன பயிற்சி எளிமையானது. ஒரு ஃபாரத்தை ஐந்து முறையும் இன்னொன்றை இரண்டே முறையும் படிக்க வேண்டும். இரண்டிலும் எத்தனை பிழை தப்பும் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைக்க வேண்டும். பிறகு மூன்றாம் ஆள் எண்ண வேண்டும். அந்த மூன்றாம் ஆள் நான். இரண்டு முறை படித்ததில் குறைந்தது பத்துப் பிழை தப்பும் என்று எழுதியிருந்தார். நான் கண்டது இரண்டு. ஐந்து முறை படித்ததில் ஒன்று. மூன்றாவது வாசிப்புக்குமேல் கண் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, மனத்தில் பதிந்துவிட்டதைப் படிக்கிறது. மெய்ப்புத் திருத்துகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. கணக்கைக் காட்டினேன். அக்கா சொன்னார்: "அந்த ஃபாரம் சுலபமாக இருந்தது."

அதனால் ஒரே முறையில் இது தீர்வதில்லை. அக்கா நான்கு ஃபாரத்தில் இதைத் திரும்பச் செய்தார். நான்காவது முறை, 'சுலபமாக இருந்தது' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். இப்போது மூன்று முறை படிக்கிறார். அது அவருடைய பழைய இரண்டைவிட ஒன்று அதிகம்தான், நான் வாய் திறக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிடவேண்டும்: நான் நோய் என்று எழுதினாலும், மருத்துவத்தில் பெர்ஃபெக்‌ஷனிசம் தனியாக ஒரு நோயின் பெயர் அல்ல, ஆனால் மனச்சோர்வோடும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் எண்ணச் சுழற்சி நோயோடும் அடிக்கடி சேர்ந்து வரும். தூக்கம் போய், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்துவிட்டால், தாளில் கணக்கெழுதும் பயிற்சியோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பரிபூரணவாதம்' என்று சிலர் எழுதுகிறார்கள். வடசொல் என்பதல்ல என் சங்கடம்; தத்துவக் கொள்கை போல ஒலிக்கிறது, பூரணம் என்றதும் கொழுக்கட்டையும் நினைவுக்கு வருகிறது. 'முழுமைவாதம்' வேறொரு கோட்பாட்டுக்குப் போய்விட்டது. 'நிறைவுவாதம்' கிட்டத்தட்ட கேலி: நிறைவு என்றால் மனநிறைவு, அது ஒன்றுதானே இவர்களுக்குக் கிடைக்காதது. 'செம்மைவாதம்' அழகான சொல், அதனாலேயே ஆகாது. நேர்காணல்காரர் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஹமாசெக் சொன்ன முதல் வகைக்கு வேண்டுமானால் 'செம்மை நாட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் பொதுவான கோளாறு, அவை முழுமையைப் பார்க்கின்றன. நோயின் பார்வை இருப்பதோ பிழைமீது. தமிழில் பிழையோடு இயல்பாகச் சேர்ந்து வரும் வினை பொறுத்தல். பிழை பொறுத்தருள வேண்டும் என்று கோயிலில் வேண்டுகிறோம். பிழைத்தல் என்ற வினைக்குத் தவறுசெய்தல் என்றும் உயிர்தப்புதல் என்றும் இரண்டு பொருளும் உண்டு. எந்த மொழி இப்படித் தவறையும் தப்பிப்பிழைப்பதையும் ஒரே சொல்லில் வைக்கும்! ஔவையாரின் 'செய்வன திருந்தச் செய்' என்பதைப் பிழையே வராமல் செய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் திருந்துதல் என்ற சொல்லுக்குள் திருத்தம் இருக்கிறது, திருத்தத்துக்குள் பிழை இருக்கிறது.

தனக்குத் தகுதியில்லை என்று சொல்வதற்கும் நமக்கு ஒரு மரபு உண்டு, அவையடக்கம். பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். சொல்லிவிட்டுப் பத்தாயிரம் பாடலுக்குக் குறையாமல் பாடினார். அக்காவின் 'லாயக்கில்லை'யும் அதே வாக்கியம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. வாக்கியத்தை வைத்து அவையடக்கமா நோயா என்று கண்டுபிடிக்க முடியாது, அடுத்து என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

எனவே 'பிழை பொறாமை' என்று வைக்கலாமா என்று யோசித்தேன். இலக்கணப்படி சரி. பொறாமைக்கு இன்று பொருள் வேறாகிவிட்டதால், பக்கத்து வீட்டுக்காரரின் பிழையைப் பார்த்து வயிறெரிவது போல் ஆகிவிடுகிறது. 'பிழைபொறா தன்மை' என்று மாற்றினேன். நீளம்தான், ஆனால் எங்கே வலிக்கிறது என்பதைச் சரியாகத் தொடுகிறது. கட்டுரையை அக்காவுக்கே மெய்ப்புக்கு அனுப்பினேன்.

மறுநாள் திரும்பி வந்தது. 'பிழைபொறா'வுக்கும் 'தன்மை'க்கும் நடுவில் சிவப்பு மையில் ஒரு 'த்'. ஓரத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்ற விதி எழுதப்படவில்லை. நன்னூல் படித்தவனுக்கு அது தேவையில்லை என்று நினைத்திருப்பார். இரண்டே சொல் எழுதியிருந்தார்: ஓடாக் குதிரை.