கூடுகிறதா, குறைகிறதா?

"மாதக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பினால், 'சரி, கூடுகிறதா, குறைகிறதா?' என்றுதான் பதில் வருகிறது. எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

ஓர் உதவி மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை எடுத்துக்கொள்வோம்: ஜனவரியில் 18,472, பிப்ரவரியில் 17,936, மார்ச்சில் 16,208, ஏப்ரலில் 14,873. போக்கைப் பார்க்க, படிப்பவர் மனதுக்குள் கழித்தல் போட வேண்டும். ஐந்து இலக்கங்களை நினைவில் பிடித்துக்கொண்டு, கடன் வாங்கி, வந்த விடையையும் மறக்காமல் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். நம் தற்காலிக நினைவில் ஒரே நேரத்தில் சில துண்டுகளே தங்கும். இரண்டாவது கழித்தலிலேயே முதல் விடை நழுவிவிடும். அப்புறம் அவர் கேட்கத்தான் செய்வார்.

இதற்கு, மாறுகிற இலக்கங்களில் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆண்ட்ரூ எஹ்ரன்பெர்க் என்ற புள்ளியியலாளர். 1977-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் பேசுகிறது. அவர் குறிப்பிட்டது 'மாறுகிற' இலக்கங்களை என்பது முக்கியம். 1,012, 1,037, 1,051 என்று இருந்தால் மாறுவது கடைசி இரண்டுதான். அங்கே ஆயிரம் என்று முழுமையாக்கினால் செய்தியே அழிந்துவிடும். மற்ற இடங்களில் கடைசி இலக்கம் வரை எழுதினால்தான் நேர்மை என்பது, என்னைக் கேட்டால், அலுவலக மூடநம்பிக்கை.

ஆனால் முழுமையாக்கும் முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிப்ரவரிக்கு 28 நாள்தான். ஒவ்வொரு மாதத்தையும் அதன் நாட்களால் வகுத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 600, 640, 520, 500 என்று வருகிறது. மாத மொத்தத்தில் இறங்கியதுபோல் தெரிந்த பிப்ரவரி உண்மையில் ஏறியிருக்கிறது! இறக்கம் தொடங்கியது மார்ச்சில்தான். பிப்ரவரியிலேயே தொடங்கியதாக நினைப்பவர் காரணத்தைத் தவறான மாதத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்து, 640-லிருந்து 520 என்பது பெரிய இறக்கமா? அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வழக்கமான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். கடந்த ஆண்டு தினசரிச் சராசரி எல்லா மாதங்களிலும் 570-க்கும் 650-க்கும் நடுவே இருந்தது என்று கொள்வோம். அப்படியானால் பிப்ரவரியின் ஏற்றம் வழக்கமான ஆட்டம், செய்தியல்ல. மார்ச்சும் ஏப்ரலும் அந்த எல்லைக்குக் கீழே போயிருக்கின்றன. அதுதான் செய்தி.

இனி மின்னஞ்சல். முடிவு முதல் வரியில், எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக:

அழைப்புகள் மார்ச் முதல் வழக்கத்தைவிடக் குறைந்துள்ளன.
நாளொன்றுக்கு (கடந்த ஆண்டு 570–650):
ஜனவரி: 600
பிப்ரவரி: 640
மார்ச்: 520
ஏப்ரல்: 500

இடைவெளி தட்டித் தட்டி அட்டவணை கட்ட வேண்டாம். கைபேசித் திரையில் வரிசை கலைந்துவிடும். துல்லியமான எண்களை இணைப்பில் வைக்கலாம். குறைவுக்குக் காரணம், வருகிற சிக்கல்கள் குறைந்ததா அல்லது அழைப்பு இணைப்பே கிடைக்காமல் போனதா என்பதை இந்த நான்கு எண்கள் சொல்லாது. அதை அறிய, இணைப்புக் கிடைக்காமல் போன அழைப்புகளின் எண்ணிக்கையை ஐந்தாவது வரியாகச் சேர்க்க வேண்டும்.