பரிசு காருக்கு வரி கேட்டு வரும் போன்

குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கவர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போதோ ஆன்லைனில் புடவை வாங்கிய அதே பெயர், அதே முகவரி. உள்ளே ஒரு சுரண்டல் அட்டை, கலரில் அச்சடித்த கடிதம், வங்கிக் கணக்கு எண்ணும் ஆதாரும் கேட்கும் படிவம். சுரண்டினால் கார். கார் வேண்டாமென்றால் ரொக்கம் 8,40,000 ரூபாய். கடிதத்தில் இருக்கும் நம்பருக்கு போன் போட்டால் நல்ல தமிழில், 'அம்மா' என்று மரியாதையாகப் பேசுவார்கள்.

முதலில் ரிஜிஸ்ட்ரேஷன் என்று 8,400 ரூபாய் கேட்பார்கள். கட்டியதும் டிடிஎஸ் 25,200. அடுத்து, பரிசோடு சேர்த்துத் திருப்பித் தருவோம் என்று சொல்லி ஜிஎஸ்டி 42,000. கடைசியில் ரிசர்வ் வங்கி பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது, விடுவிக்க 60,000. நாலு தவணையில் 1,35,600 ரூபாய் போய்விடும். பெரும்பாலும் அது நகையை அடகு வைத்த பணமாகவோ குழுக்கடனாகவோ இருக்கும்.

இப்போது சட்டம் சொல்லும் கணக்கைப் பார்ப்போம். பரிசுப் பணத்துக்கு வரி உண்டு என்பது உண்மைதான், அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீதம் டிடிஎஸ். 8,40,000க்கு அது 2,52,000. பரிசு தருகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு மீதி 5,88,000ஐக் கணக்கில் போட வேண்டும். அந்த வரியின் மேல் வரும் 4 சதவீத செஸ்ஸை ரிட்டர்ன் போடும்போது நீங்கள் கட்டுவீர்கள். ரொக்கப் பரிசில் வென்றவர் முன்கூட்டிப் பணம் அனுப்பும் கட்டமே கிடையாது. 'பரிசிலேயே கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். சிஸ்டத்தில் முடியாது, ஆடிட் பிரச்சினை என்று ஏதாவது ஒரு காரணம் வரும்.

கார் மாதிரி பொருளாகக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் சிக்கல். காரில் 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே! அதனால் வரி கட்டியாயிற்று என்று உறுதி செய்த பிறகே பொருளை விட வேண்டும் என்பது பரிசு தருகிறவர் மேல் சட்டம் வைத்திருக்கும் பொறுப்பு. சில நிறுவனங்கள் அந்த வரியைத் தாமே ஏற்கும், சில வென்றவரிடம் வாங்கிக் கட்டும். மோசடிக் கடிதங்கள் '194பி பிரிவு' என்று போடுவது இந்த ஏற்பாட்டைக் காட்டித்தான். அது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண். உண்மையான பிரிவு என்பதால் கூகுளில் தேடுகிறவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

ஆனால் நிஜமான கார் பரிசில் கேட்கும் தொகை மதிப்பில் முழு 30 சதவீதமாக இருக்கும். ஒரு சதவீதம், மூன்று சதவீதம் என்று தவணையில் வராது. இவர்கள் ஏன் 2,52,000ஐ ஒரே அடியாகக் கேட்பதில்லை? அந்தத் தொகையைக் கேட்டால் யாரும் வீட்டில் கலந்து பேசாமல் கட்டமாட்டார்கள். 8,400 என்றால் பேசாமலே கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு, அதை விட மனமில்லாமல் அடுத்ததையும் கட்டுவார்கள்.

பணம் போகும் இடத்தையும் பாருங்கள். டிடிஎஸ், வரி பிடிப்பவருக்கென்று பரிசு தரும் நிறுவனம் வாங்கியிருக்கும் டான் எண்ணில் சலான் மூலம் அரசுக்குப் போகும், பிறகு உங்கள் பான் எண்ணில் உள்ள வரி விவரப் பட்டியலில் தெரியும். தனி ஆளின் சேமிப்புக் கணக்கோ வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் கோடோ வரி கட்டும் வழி அல்ல. ரிசர்வ் வங்கி தனிநபருக்குக் கணக்கு வைப்பதில்லை, எனவே உங்கள் பரிசை அது நிறுத்தி வைக்கவும் வழியில்லை. வருமான வரித்துறை நோட்டீஸ் என்று பிடிஎஃப் அனுப்பினால் அதில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களுக்கு அது கட்டாயம். incometax.gov.in தளத்தில் Authenticate Notice/Order Issued by ITD என்ற பகுதியில் லாகின் செய்யாமலே சரிபார்க்கலாம்.

பணம் கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, தேதி, நேரம் எல்லாம் கையில் இருக்கட்டும். அவர்கள் கணக்கில் பணம் மிச்சமிருந்தால்தான் முடக்க முடியும். சில மணி நேரத்தில் அதைப் பல கணக்குகளுக்குப் பிரித்துவிடுவார்கள், அதனால் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முடக்கிய பணமும் தானாகத் திரும்பாது, பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கும். கவரைக் கிழித்துப் போடாதீர்கள், அதிலுள்ள பார்கோடு எந்தத் தபால் நிலையத்தில் பதிவானது என்று காட்டும்.

படிவத்தோடு ஆதார், பாஸ்புக் நகல் அனுப்பியிருந்தால் வங்கிக் கிளையிலும் எழுதிக் கொடுங்கள். சில நாள் கழித்து உங்கள் கணக்கில் தெரியாத பணம் விழுந்து, 'தவறாக வந்துவிட்டது, இந்த நம்பருக்கு அனுப்புங்கள்' என்று போன் வரலாம். அனுப்பாதீர்கள். அது உங்களைப் போல ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கலாம், அவர் புகார் கொடுத்தால் முடங்குவது உங்கள் கணக்கு.