பாதியாக்க வேண்டியது மி.லி.யை, pH-ஐ இல்லை

இந்த ஏப்ரலிலும் அதே கதைதான். சென்னையில் ஒரு கல்லூரிக்கு பி.எஸ்சி. வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலியை pH மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை. வரைபடம் அழகு, வளைவு அழகு, சமான புள்ளியும் சரியாகக் குறித்திருக்கிறார்கள். அப்புறம் பார்த்தால் "சமான புள்ளியின் pH 8.64, அதில் பாதி 4.32, ஆகவே pKa = 4.32" என்று எழுதியிருக்கிறது. ஒரு மாணவர் என்றால் விட்டுவிடலாம். வரிசையாக இப்படியே வந்தால் இது மாணவர் பிழை இல்லை, யாரோ இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அரைச் சமானப் புள்ளி என்பது கிடைமட்ட அச்சில் இருக்கிறது. சமான புள்ளிக்கு எத்தனை மி.லி. காரம் போனதோ, அதில் பாதி மி.லி. போயிருந்தபோது மீட்டர் காட்டிய pH-தான் pKa. அந்த இடத்தில் அமிலத்தில் சரிபாதி உப்பாக மாறியிருக்கும், மீதிப் பாதி அமிலமாகவே இருக்கும், pH = pKa + log([A⁻]/[HA]) என்ற ஹென்டர்சன் சமன்பாட்டில் log 1 பூச்சியமாகிவிடும். அவ்வளவுதான். செங்குத்து அச்சில் பாதியாக்குவதற்கு எதுவுமே இல்லை. அதேபோல, வளைவு செங்குத்தாக ஏறுகிறதே, அந்த ஏற்றத்தின் நடுவிடமும் அரைச் சமானப் புள்ளி இல்லை, அது சமான புள்ளியேதான்.

pH-ஐப் பாதியாக்கினால் என்ன கெட்டுப்போகும் என்று வைவாவில் ஒரு பெண் கேட்டாள், நல்ல கேள்வி. பிரிகை மாறிலி என்றால் வெப்பநிலை மாறாதவரை மாறாதது, அமிலத்தை நீர்த்தாலும் மாறாது. ஆனால் சமான புள்ளியின் pH நீர்த்தால் மாறும். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால் சமான புள்ளியின் pH சுமார் 8.73. இரண்டையும் பத்து மடங்கு நீர்த்துவிட்டுச் செய்தால் அது 8.23 ஆகிவிடும். இவற்றைப் பாதியாக்கினால் ஒருமுறை 4.37, இன்னொருமுறை 4.12. அதே அமிலம், அதே அறை, ஆனால் இரண்டு "மாறிலி". அப்படி மாறுவதை எப்படி மாறிலி என்று எழுத முடியும்?

இந்தத் தவறு இத்தனை நாள் பிடிபடாமல் இருப்பதற்குக் காரணம் அசிட்டிக் அமிலம்தான். அதன் உண்மையான pKa 4.76, பாதியாக்கினால் 4.3 பக்கத்தில் ஏதோ வருகிறது, பரவாயில்லை, சோதனைப் பிழை என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் pKa 2.87. 0.1 மோலாரில் சமான புள்ளி pH 7.8-க்குச் சற்றுக் கீழே வரும், பாதி 3.89. ஒரு முழு pH அலகு தள்ளிப்போய்விட்டது, அதாவது Ka பத்து மடங்கு தப்பு. இதைச் சோதனைப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம். 20 மி.லி. பிப்பெட்டால் சுமார் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம், எலக்ட்ரோடு முனை மூழ்குவதற்காக இன்னொரு 20 மி.லி. காய்ச்சி வடித்த நீர். ப்யூரெட்டில் சுமார் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. முதலில் ஒரு மி.லி., அரை மி.லி. என்று விட்டு, ஏற்றம் நெருங்கும்போது 0.1 மி.லி. ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும். 20.2 மி.லி.யில் 6.7, 20.3-இல் 7.0, 20.4-இல் 8.6, 20.5-இல் 10.2, 20.6-இல் 10.5 என்று வருகிறது. மிகப் பெரிய தாவல் 20.3-க்கும் 20.5-க்கும் இடையில், ஆக சமான புள்ளி 20.4 மி.லி. பாதி 10.2. அந்த இடத்துக்கு நேரடி அளவீடு இல்லை, ஆனால் 10.0 மி.லி.யில் 4.68, 10.5-இல் 4.73 என்று குறித்து வைத்திருக்கிறோம். இடையில் 10.2-க்கு 4.70. முடிந்தது, pKa 4.70, Ka 2.0 × 10⁻⁵.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லையை எடைபோட்டு முடிப்பதற்குள் அது வாட்ச் கிளாஸில் நீர் கோத்து வழுவழுவென்று ஆகிவிடும், சரியாக 0.1 மோலார் கிடைக்கவே கிடைக்காது. இந்தச் சோதனைக்கு அது தேவையும் இல்லை. சமான புள்ளியும் பாதியும் ஒரே ப்யூரெட்டில் இருந்து வருவதால் காரத்தின் செறிவு எவ்வளவு என்பது கணக்கிலேயே வராது, அமிலத்தின் செறிவும் அப்படித்தான். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஏறிய பழைய கரைசல் மட்டும் வேண்டாம், அது ஏற்றத்தை மழுக்கிவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் அன்றைக்கே தயாரியுங்கள்.

கன அளவில் சின்னப் பிழையும் பெரிதாகப் பாதிக்காது. பாதிப் புள்ளியில் வளைவு கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது, அங்கே ஒரு மி.லி.க்கு pH 0.09-க்கும் குறைவாகத்தான் ஏறும். சமான புள்ளியை ஒரு மி.லி. தப்பாக எடுத்தால்கூட pKa 0.04 அளவுக்குத்தான் மாறும். ப்யூரெட்டை 1.2-இல் தொடங்கி 21.6-இல் சமான புள்ளி வந்தவர்கள் 21.6-ஐப் பாதியாக்கி 10.8 என்று எடுக்கிறார்கள் (11.4-ஐப் பார்த்திருக்க வேண்டும்), அதுவும் தப்புதான், ஆனால் அந்தத் தப்பின் விலை 0.05 அளவுதான். ஆக, உங்கள் விடை 0.3, 0.4 தள்ளி வந்தால் ப்யூரெட்டைக் குறை சொல்லாதீர்கள். ஒன்று pH-ஐப் பாதியாக்கியிருக்கிறீர்கள், இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்கிறது.

மீட்டர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. pH 7 தாங்கல் கரைசலை மட்டும் வைத்து 7.00 என்று திருகிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார்கள். நமக்கு வேண்டிய எண் 4.7 பக்கத்தில் இருக்கிறது. 7-க்குப் பிறகு pH 4 தாங்கலிலும் வைத்துச் சரிசெய்தே ஆக வேண்டும். தாங்கல் மாத்திரை கடையில் கிடைக்கிறது, ஒன்றைக் கரைத்தால் ஒரு வகுப்புக்கே போதும், இதில் சிக்கனம் எதற்கு? pH 0.1 தப்பினால் Ka கால் பங்குக்கு மேல் தப்பும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தாங்கலைச் சில்லென்று அப்படியே பயன்படுத்தாதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். எலக்ட்ரோடைக் காயவிடாதீர்கள், காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டும் வைக்காதீர்கள், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுதான் அதற்கு வீடு.

"சார், வெயில் காலம், லேபில் 34 டிகிரி, அதனால்தான் pKa மாறிவிட்டது" என்ற பதிலையும் ஏற்க முடியாது. அசிட்டிக் அமிலத்தின் pKa 25 டிகிரியிலும் 4.76, 35 டிகிரியிலும் 4.76, மூன்றாம் தசமத்தில்தான் மாறுகிறது. வெயில் மாற்றுவது அமிலத்தை இல்லை, எலக்ட்ரோடின் சரிவை. 25 டிகிரியில் ஒரு pH-க்கு 59 மில்லிவோல்ட், 34-இல் 61. ஒரே தாங்கலோடு நிறுத்தி, வெப்பநிலைத் திருகையும் 25-இலேயே விட்டால் நம் அளவீடு 0.07 அளவுக்குக் கீழே போகும். அந்த வெப்பத்திலேயே இரண்டு தாங்கலாலும் சரிசெய்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது கடைசி விஷயம், மன்றாடிக் கேட்கிறேன். மேலே கணக்கில் 4.70 வந்தது, புத்தகத்தில் 4.76 இருக்கிறது. உடனே ரெக்கார்டில் 4.70-ஐ அழித்துவிட்டு 4.76 என்று எழுதுகிறார்கள், அதற்கு ஏற்றபடி வரைபடத்தின் புள்ளிகளையும் நகர்த்துகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், 4.70-தான் சரியான விடை. பாதிப் புள்ளியில் உங்கள் பீக்கரில் 50 மி.லி. கரைசலில் 0.02 மோலார் சோடியம் அசிட்டேட் இருக்கிறது. அந்த அயனிகளுக்கு நடுவே அசிட்டேட்டின் செயல்படு செறிவு அதன் உண்மைச் செறிவைவிடக் குறைவு, ஹென்டர்சன் சமன்பாட்டில் log 1 என்று போட்ட இடத்தில் உண்மையில் −0.06 வருகிறது. புத்தகத்தின் 4.76 என்பது அயனிகளே இல்லாத எல்லைக்குக் கணக்கிட்ட மதிப்பு. நீர் சேர்க்காமல் 0.1 மோலாரிலேயே செய்திருந்தால் 4.68-க்குப் போயிருக்கும். நான் தேர்வாளராக உட்கார்ந்திருக்கும்போது 4.68, 4.70 என்று கண்டால் நம்பிக்கை வருகிறது, எல்லோரும் 4.76 என்று தந்தால்தான் அளவீட்டுப் பட்டியலைத் திருப்பிப் பார்க்கிறேன். விடைக்குப் பக்கத்தில் செறிவையும் வெப்பநிலையையும் எழுதிவிடுங்கள், படிப்பவர் மீதியைக் கணக்கிட்டுக்கொள்வார்.

மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம் மாதிரி சற்று வலுவான அமிலத்தை நீர்த்த கரைசலில் செய்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. 0.01 மோலாரில் அதைச் செய்தால் பாதி மி.லி.யில் மீட்டர் 2.87 காட்டாது, 3.1 பக்கத்தில் காட்டும். அமிலம் தானாகவே கணிசமாகப் பிரிந்துவிடுவதால் அங்கே அமிலமும் உப்பும் சரிபாதி இல்லை. [A⁻]-உடன் [H⁺]-ஐக் கூட்டி, [HA]-இல் அதையே கழித்துவிட்டுக் கணக்கிட வேண்டும். அசிட்டிக் அமிலத்துக்கு நம் செறிவில் இந்தத் திருத்தம் தேவைப்படாது.