"மூச்சு முட்டவே இல்லைங்க டாக்டர்"

போன வருடம் கோடை விடுமுறையில், சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து தூக்கி வந்த 17 வயதுப் பையனை ஐசியுவில் பார்த்தேன். நான் மயக்க மருத்துவர். சுவாசக் கருவி தேவைப்படலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தது, ஆனாலும் மாஸ்க் ஆக்சிஜனிலேயே தேறிவிட்டான். மூன்றாம் நாள், "என்ன கண்ணு நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"தம் கட்டுற போட்டிங்க டாக்டர். ஆனா எனக்கு மூச்சு முட்டவே இல்லைங்க."

பக்கத்தில் நின்ற அவன் அப்புச்சிக்குக் கோபம். "பொய் சொல்றானுங்க. மூச்சு முட்டாம எப்படீங்க மயக்கம் வரும்?"

பையன் சொன்னது நிஜம். முதல் தடவை சாதாரணமாக முங்கியவன், கூட்டாளிகள் 50 எண்ணுவதற்குள் தவித்துக்கொண்டு மேலே வந்திருக்கிறான். இரண்டாம் தடவை யாரோ சொன்ன யோசனைப்படி, முங்கும் முன் வேக வேகமாக 30 தடவை ஆழமாக மூச்சு இழுத்து விட்டிருக்கிறான். விரல் நுனியெல்லாம் மதமதவென்று ஆனதாம். அப்புறம் முங்கினால் 50 தாண்டியும் ஒரு தவிப்பும் இல்லை. நீருக்கடியிலேயே கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரண்டு தடவை நீந்தியது வரை நினைவிருக்கிறது. மேலே நின்றவர்கள் சந்தோஷமாக எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அப்புச்சிக்குப் புரியவைக்க, பார்க்க வந்திருந்த கூட்டாளி ஒருவன் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி மூச்சை அடக்கச் சொன்னேன். 98 சதவீதம் காட்டியது. 40 வினாடியில் முகம் சிவந்து, வயிறு வெட்டி வெட்டி இழுத்தது, 46இல் விட்டுவிட்டான். அப்போதும் 98தான். விரலில் அளவு அரை நிமிடம் வரை பிந்திக் காட்டும் என்பதால் கிளிப்பை எடுக்காமல் வைத்திருந்தேன். 96 வரை இறங்கிவிட்டுத் திரும்ப ஏறியது. ஆக்சிஜன் தீர்ந்துபோய் அவன் தவிக்கவில்லை.

தவிக்க வைப்பது கார்பன் டை ஆக்சைடு. உடம்பு அதை நிற்காமல் உண்டாக்குகிறது. மூச்சை அடக்கினால் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்கிறது. மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் புகுந்து அதில் அமிலத்தைக் கூட்டும்போது, முகுளத்தில் உள்ள செல்கள் 'மூச்சு விடு' என்று நெருக்கும். ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மி.மீ. பாதரசம், 50ஐ நெருங்கும்போது பெரும்பாலோருக்குத் தாங்காது. ஆக்சிஜனைக் கவனிக்கும் உணரிகள் கழுத்து ரத்தக்குழாயில் இருக்கின்றன. ஆனால் 100 அளவில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் 60 வாக்கில் இறங்கும்வரை அவை பெரிதாகச் சத்தம் போடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தால் அந்தச் சத்தமும் அமுங்கிப்போகும்.

வேகமாக 30 மூச்சு இழுத்ததால் பையனின் ரத்தத்தில் ஆக்சிஜன் சொல்லும்படி கூடியிருக்காது. 98 சதவீதம் நிறைந்த மூட்டையில் இன்னும் எவ்வளவு திணிக்க முடியும்? கார்பன் டை ஆக்சைடுதான் 20களுக்கு இறங்கியிருக்கும். அது திரும்ப 50க்கு ஏறுவதற்குள், நீந்திய தசைகள் ஆக்சிஜனைத் தின்று அதன் அழுத்தத்தை 30க்குக் கொண்டுவந்துவிடும். அங்கே நினைவு தப்பும். மணி அடிப்பதற்கு முன்பே விளக்கு அணைந்துவிடுகிறது.

கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூச்சு விடத் தோன்றாது என்பதை ஆபரேஷன் தியேட்டரில் அடிக்கடி பார்க்கிறேன். கருவி கொஞ்சம் அதிகமாக ஊதிவிட்டால், ஆபரேஷன் முடிந்தும் நோயாளி தானாக மூச்சு விடமாட்டார், ஆக்சிஜன் 100 சதவீதம் காட்டினாலும். கருவியின் வேகத்தைக் குறைத்துக் கார்பன் டை ஆக்சைடை ஏறவிட்டுக் காத்திருப்போம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அசையும்.

தாங்கும் எல்லையை இந்த ஒரு வாயு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதையும் சொல்லவேண்டும். 1954இல் ஃபவுலர் என்பவர், மூச்சை அடக்கித் தாங்கமுடியாமல் போனவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த காற்றைச் சில மூச்சு கொடுத்தார். ரத்தத்தில் எதுவும் சீராகவில்லை. ஆனாலும் தவிப்பு தணிந்து மறுபடி அடக்கினார்கள். நெஞ்சுத் தசை அசைந்ததே ஆறுதல்.

அப்புச்சி கடைசியாக ஒன்று கேட்டார்: "மேலே எண்ணிக்கிட்டு நின்ன பசங்க என்னத்தைங்க பார்த்திருக்கோணும்?"

தவிப்பவன் உதைத்துக்கொண்டு மேலே வருவான். நினைவு தப்பியவன் சத்தமே போடமாட்டான். கைகால் தளர்ந்து அப்படியே மிதப்பான், அல்லது மெல்ல இறங்குவான். தூரத்திலிருந்து பார்த்தால் தம் கட்டுவது போலவே இருக்கும். 110 எண்ணும்போது ஒருவன் மட்டும் அந்தக் கைகளைக் கவனித்துக் குதித்திருக்கிறான். படிக்கட்டுக்கு இழுத்து வந்ததும், வயிற்றை அமுக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறான். ஐந்தாவது ஊதலுக்கு இருமல் வந்ததாம்.