திகதி ஒத்து வரல்லயா? முதல்ல கேளுங்க, பிறகு முடிவெடுங்க

நான் மட்டக்களப்பில ஒரு கொம்பனியில எச்ஆர் வேலை பார்க்கிறன். ஆள் எடுக்கேக்க பழைய இடத்துக்குப் போன் பண்ணி, சேர்விஸ் லெட்டர் பார்த்து, சீவியில போட்ட திகதியோட ஒத்துப் பார்க்கிறது எங்கட வழமை, அதுக்கு அவங்கட சம்மதத்த எழுத்தில வாங்கின பிறகுதான் செய்யிற. கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஒருத்தருக்கு திகதி ஒத்து வரல்ல எண்டு நான் அனுப்பின ஈமெயில் இதுதான்: "நீங்கள் தந்த தகவல் பிழையானது, 24 மணித்தியாலத்துக்குள் விளக்கம் தரவும்." அவர் பதிலே போடல்ல. கள்ளன் எண்டு சொல்லிப்போட்டு விளக்கம் கேட்டா யார்தான் எழுதுவாங்க, நானெண்டாலும் எழுதியிருக்க மாட்டன்.

அதுக்குப் பிறகு நான் எழுதுற விதம் மாறிட்டு. போன தடவை வந்த கேஸ சொல்றன். கல்முனைப் பக்கத்துப் பிள்ள, கணக்கு வேலைக்கு அப்ளை பண்ணினவ, நாங்க கேட்டது மூண்டு வருச அனுபவம். சீவியில 2019 மார்ச் தொடக்கம் 2022 டிசம்பர் வரை எண்டு கிடந்திச்சு. பழைய இடத்தில கேட்டா 2019 செப்டெம்பர் தொடக்கம் 2022 ஒக்டோபர் வரை எண்டாங்க. முன்னுக்கு ஆறு மாசம், பின்னுக்கு ரெண்டு மாசம் இடிக்குது. இப்படி எழுதினன்:

"வணக்கம். உங்கள் சீவியில் வேலை செய்த காலம் 2019 மார்ச் – 2022 டிசம்பர் என உள்ளது. முந்திய நிறுவனம் எங்களுக்குத் தந்த பதிலில் 2019 செப்டெம்பர் – 2022 ஒக்டோபர் என உள்ளது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், பதிவிலேயே பிழை இருக்கலாம். என்ன நடந்தது என்பதை உங்கள் சொல்லில் எழுதுங்கள், அல்லது போனில் சொல்லுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, சம்பளம் வைப்பான பேங்க் புத்தகப் பக்கம், இதில் ஏதாவது இருந்தால் இணைக்கலாம். ஐந்து வேலை நாள் போதுமா? அதுவரை உங்கள் விண்ணப்பத்தில் எந்த முடிவும் எடுக்க மாட்டோம்."

ரெண்டு திகதியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சிருக்கிறன், பார்க்கிற ஆளுக்கு எது இடிக்குது எண்டு தேடத் தேவையில்ல. பொய், மோசடி எண்ட சொல் எங்கயும் இல்ல. பழைய இடத்தில ஆர் பேசினது, வேற என்ன சொன்னாங்க எண்டும் போடல்ல. இத அவவுக்கு மட்டும்தான் அனுப்பிற, சீவியில போட்ட ரெபரி ஆளுக்கு கொப்பி போடுறது பெரிய தப்பு (செய்த ஆக்கள எனக்குத் தெரியும்).

மூண்டாம் நாள் போன் வந்திச்சு. "மிஸ், மார்ச்சிலதான் நான் சேர்ந்தன், ப்ரொபேஷன் ஆறு மாசம், அது முடிஞ்ச பிறகுதான் ஈபிஎப் கட்டத் தொடங்கினவங்க." நியமனக் கடிதம் 2019 மார்ச் 1, பேங்க் புத்தகத்தில முதல் சம்பளம் மார்ச் 29. பழைய இடத்து ஆள் ஈபிஎப் பைலப் பார்த்து பதில் சொல்லியிருக்கார், அவ்வளவுதான். இது நம்மட பக்கம் அடிக்கடி நடக்கிற. சட்டப்படி பார்த்தா ப்ரொபேஷனோ தற்காலிகமோ, சேர்ந்த முதல் நாளில இருந்தே ஈபிஎப் கட்டணும், ஊழியர்ட சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈடிஎப் 3 வீதம் தனி. கட்டாம விட்டது கொம்பனிட தப்பு, சீவியில பொய் எண்டு பழி விழுறது பிள்ளையில. அதாலதான் நான் ஈபிஎப் திகதிய மட்டும் வைச்சு ஒருத்தர பிடிக்கிறேல்ல.

பின்னுக்கு உள்ள ரெண்டு மாசம் கேட்டன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. "அது நான்தான் கூட்டிப் போட்டது மிஸ். உம்மாவுக்கு ஆஸ்பத்திரி எண்டு ஒக்டோபரில விட்டுட்டன், கேப் தெரியக்கூடாது எண்டு டிசம்பர் போட்டன்."

இங்கதான் கணக்கு பார்க்கோணும். மார்ச்சில இருந்து ஒக்டோபர் முடிய மூண்டு வருசம் எட்டு மாசம், செப்டெம்பரில இருந்து எடுத்தாலும் மூண்டு வருசத்துக்கு மேல, அந்த ரெண்டு மாசம் இல்லாட்டியும் நாங்க கேட்டது இருக்கு. கூட்டினதாலதான் தகுதியே வருது எண்டு இருந்தா, இல்லாட்டி அந்த இடத்தில வேலையே செய்யல்ல எண்டு இருந்தா நான் வேற மாதிரி முடிவெடுத்திருப்பன், எவ்வளவு நல்லாக் கதைச்சாலும். கேட்ட உடன ஒத்துக்கொண்டதும் எனக்குப் பெரிசு, கணக்கு வேலைக்கு எடுக்கிற ஆள் எல்லோ. ஆனா கூட்டிப் போட்டது தப்பு எண்டு அவவுக்கு நேராச் சொன்னன்.

திருத்தின சீவி ஒண்டு கேட்டன், கையொப்பத்தோட. அவ சொன்ன விளக்கத்தையும் ரெண்டு வரியில எழுதி பைலில வைச்சன், நாளைக்கு ஓடிட் வந்து ஏன் இந்தத் திகதி மாறிச்சு எண்டு கேட்டா காட்ட ஒண்டு வேணுமே. அடுத்த கிழமை வேலைக்கு வந்தா. வந்த முதல் நாளே ஈபிஎப் போர்மில கையொப்பம் வைக்கேக்க, பழைய இடத்து ஆறு மாசத்துக்கு இப்ப என்ன செய்யலாம் மிஸ் எண்டு கேட்டா. தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுக்கலாம், குடுக்கிறதா வேணாமா எண்டது உங்கட விருப்பம், ஆனா அந்த நியமனக் கடிதத்தையும் பேங்க் புத்தகத்தையும் மட்டும் தொலைச்சிராதீங்க எண்டு சொன்னன்.